ஈரக் கொலரில் தொடங்குங்கள்: லோண்டரி மாதச் சேவைக்கு ஒரு நிமிட விளம்பரம் எழுதும் முழு வழி

சென்ற மாரியில் மட்டக்களப்பு நகரில் லோண்டரி வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து உடுப்பை எடுத்து, துவைத்து அயன் செய்து திருப்பிக் கொடுக்கும் சேவை அது. கல்லடிப் பாலத்தின் மேல் சூரிய உதயம், வாவியில் ஒரு தோணி, பின்னணியில் புல்லாங்குழல், ஒரு கணீர்க் குரல். பார்த்தவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள். கடைக்கு வந்த முதல் அழைப்பில் கேட்ட கேள்வி, "தம்பி, இது படகுச் சவாரியா?"

இரண்டாவது அழைப்பு இன்னும் பயனுள்ளது. தொடர்மாடியில் வசிக்கும் ஓர் ஆசிரியை பேசினார். "திங்கள் எடுத்து வியாழன் தருவதாகப் போட்டிருக்கிறீர்கள். என் மகனிடம் மூன்று பாடசாலைச் சேர்ட்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவன் எதைப் போட்டுக்கொண்டு போவது?" எங்களிடம் பதில் இல்லை. அன்றிரவு எழுத்தை முழுவதும் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினோம். அந்த இரண்டாவது எழுத்து உருவான வரிசையிலேயே இந்த வழிகாட்டியைத் தருகிறேன்.

முதற்படி: எந்த வீடு, எந்த மணி

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ தொடர்மாடி என்றால் கொழும்பில் பார்ப்பது போன்ற இருபது மாடிக் கட்டடம் அல்ல. மூன்று நான்கு மாடி வாடகை வீடுகள், கடைக்கு மேலே உள்ள வீடுகள், அரச உத்தியோகத்தர் விடுதிகள், இடமாற்றம் பெற்று வந்தவர்கள் இருக்கும் அனெக்ஸ்கள், இவைதாம். பொதுவான குறை ஒன்று உண்டு: முற்றம் இல்லை. முற்றம் உள்ள வீட்டில் ஒரு மணி நேர வெயில் அடித்தாலும் கொடி முழுவதும் காய்ந்துவிடும். மாடி வீட்டில் பால்கனியில் இரண்டு முழக் கொடிதான். வடகீழ்ப் பருவ மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. உடுப்பு மின்விசிறியின் கீழே தொங்கி, ஒரு மாதிரி மணத்துடன் காயும்.

விளம்பரம் யாருக்கு என்பதற்கு "வேலைப்பளு மிக்க தொடர்மாடிக் குடியிருப்பாளர்கள்" என்று எழுதிவைத்தால் போதாது, அப்படி ஒருவரும் இல்லை. தனியாக இருக்கும் வங்கி உத்தியோகத்தர் ஒரு வீடு. இரவுக் கடமை பார்க்கும் தாதி இன்னொரு வீடு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய், பாடசாலைப் பிள்ளையும் இருக்கும் வீடு மூன்றாவது. மூவருக்கும் சிக்கல் வரும் நாள் வேறு, எடுத்துக்கொண்டுபோக வேண்டிய நாளும் வேறு. மூவரையும் ஒரு நிமிடத்துக்குள் அடைத்தால் எவருமே தம்மைப் பார்த்துப் பேசுவதாக உணர மாட்டார்கள். நாங்கள் மூன்றாவது வீட்டை எடுத்தோம். இங்கே அந்த வீடுகள்தாம் அதிகம். பாடசாலையும் 7.30க்கு எவருக்காகவும் காத்திராமல் தொடங்கிவிடும்.

வீட்டை முடிவு செய்த பிறகு மணியை முடிவு செய்யுங்கள். "காலை அவசரம்" என்று எழுதினால் படமாக்க முடியாது. "மழை பெய்யும் திங்கட்கிழமை, 6.35, வெள்ளைச் சேர்ட்டின் கொலர் மட்டும் ஈரம்" என்று எழுதினால் முடியும். பாடசாலைச் சேர்ட்டில் கடைசியாகக் காய்வது கொலர்தான். துணி அங்கே இரண்டு மூன்று மடிப்பு. ஈரக் கொலரில் சூடான அயன் பெட்டியை வைத்தால் வரும் 'ஸ்ஸ்' என்ற சத்தமும் சின்ன ஆவியும் எல்லா வீட்டிலும் கேட்டிருப்பார்கள். அதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் படி: அயன் மேசையிடம் கேளுங்கள்

விளம்பர எழுத்தாளர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. நான் முதல் தடவை சறுக்கியதும் இங்கேதான்.

பாடசாலைப் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரே ஒரு நாட்கணக்குத்தான் பொருந்தும்: வெள்ளி மாலை எடுக்க வேண்டும், ஞாயிறு மாலைக்குள் கொடுக்க வேண்டும். வேறு எந்த நாளில் எடுத்தாலும் சீருடை இல்லாத ஒரு காலை வரும். ஆகவே விளம்பரத்தின் நடு வாக்கியம் தானாகவே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அந்த வாக்கியத்தைக் கடையால் காப்பாற்ற முடியுமா? அதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் எழுதக்கூடாது.

எங்கள் ஆசிரியையின் வீட்டையே எடுத்துக்கொண்டோம். வாரம் 15 உருப்படி: பாடசாலைச் சேர்ட் 3, நீலக் காற்சட்டை 2, அப்பாவின் சேர்ட் 4, நீளக் காற்சட்டை 2, பருத்திச் சேலை 2, சேலைச் சட்டை 2. கடையில் அயன் செய்பவரைக் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். சேர்ட், காற்சட்டை போன்றவற்றுக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம். சேலைக்குப் பதினைந்து. மருதமுனைக் கைத்தறிச் சேலை, அதிலும் கஞ்சி போட்டது என்றால் அந்தப் பதினைந்தும் போதாது. ஆகவே 13 உருப்படிக்கு 65 நிமிடம், இரண்டு சேலைக்கு 30 நிமிடம், ஒரு வீட்டுக்கு மொத்தம் 95 நிமிடம்.

வெள்ளி இரவு துவைத்து உலர்த்தியில் போட்டு எடுத்துவிடலாம். அயனுக்கு மிஞ்சுவது சனிக்கிழமை எட்டு மணி நேரமும் ஞாயிறு காலை நான்கு மணி நேரமும். பிற்பகல் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரம். பன்னிரண்டு மணி நேரம் என்றால் 720 நிமிடம். அதை 95ஆல் பிரித்தால் ஒருவரால் ஏழு வீடு. கடையில் அயன் செய்பவர் இரண்டு பேர். ஆகவே பதினான்கு வீடு.

உரிமையாளர் ஐம்பது வீடு பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தாளைப் பார்த்துச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் 'பதினான்கு வீடுகளுக்கு மட்டும்' என்றே போடலாமே" என்றார். விளம்பரத்தின் மிகச் சிறந்த வரி அதுதான், எழுதியது நான் அல்ல. வழக்கமாக "முந்துங்கள், இடங்கள் குறைவு" என்று போடுவதை எவரும் நம்புவதில்லை. பதினான்கு என்ற எண்ணைக் கேட்டவுடன் பின்னால் ஒரு காரணம் இருப்பது புரிந்துவிடுகிறது.

உங்கள் கடையில் உலர்த்தி இல்லை, கொடியில்தான் காயவைக்கிறீர்கள் என்றால் கார்த்திகை, மார்கழியில் ஞாயிறு மாலை என்ற வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். அயன் மட்டும் செய்யும் சேவையாக விளம்பரம் எழுதுங்கள். அது சிறியதுதான், ஆனால் காப்பாற்ற முடிந்தது.

மூன்றாம் படி: ஒரே ஒரு பயம்

உடுப்பை வெளியே கொடுக்க மக்கள் தயங்குவது பணத்துக்காக மட்டும் அல்ல. என் சேர்ட் பக்கத்து வீட்டாரிடம் போய்விடுமோ, அவருடைய நீலச் சாயம் என் வெள்ளையில் ஏறுமோ என்ற பயம் பெரிது. ஒரு நிமிடத்தில் ஒரு பயத்துக்குத்தான் பதில் சொல்ல முடியும். மாறிப்போகும் என்ற பயத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

என் முதல் வரி, "உங்கள் உடுப்பைத் தனியாகத் துவைப்போம்." காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. உரிமையாளர் தலையசைத்து மறுத்தார். ஒரு வீட்டின் பதினைந்து உருப்படியில் வெள்ளை வேறு, நிறம் வேறு என்று பிரித்தால் இரண்டு தடவை இயந்திரம் ஓட வேண்டும். பதினான்கு வீட்டுக்கு இருபத்தெட்டுத் தடவை, அதுவும் பாதி நிறைந்த இயந்திரத்தில், ஒரே இரவில். முடியாது. உண்மையில் அவர் செய்வது வேறு: ஒவ்வோர் உடுப்பின் உட்புறத் தையலிலும் வீட்டு இலக்கம் எழுதிய சின்னத் துணிப்பட்டியைக் கட்டுகிறார், வெள்ளையையெல்லாம் சேர்த்தும் நிறத்தையெல்லாம் சேர்த்தும் துவைக்கிறார், பிறகு இலக்கம் பார்த்துப் பிரிக்கிறார். அதையே எழுதினோம். "தனியாகத் துவைப்போம்" என்பதைக் காட்ட வழியில்லை. ஒரு விரல் துணிப்பட்டியைக் கட்டுவதைக் கமராவை மிக அருகில் வைத்துக் காட்டலாம். கண்ணால் காணும் செயலாக மாற்ற முடியாத வாக்குறுதியை நான் இப்போதெல்லாம் எழுதுவதில்லை.

கறை நீங்கும், புதியது போல் ஆகும் என்ற பேச்சே வேண்டாம். வாழைக்கறையை எடுக்க எந்தக் கடையாலும் உறுதி சொல்ல முடியாது.

நான்காம் படி: ஊர்ச் சொல்

"இஸ்திரி" என்று எழுதினால் இந்தியத் தொலைக்காட்சி விளம்பரத்தின் வாடை வரும். இங்கே "அயன்". "ஆடை" கடைப் பலகையில் இருக்கட்டும், வீட்டில் "உடுப்பு". "சந்தா" என்ற சொல்லை உரிமையாளர் விரும்பினார். எனக்கு அதைக் கேட்டால் மாதக் கடைசியில் சங்கத்துச் சந்தாப் புத்தகத்துடன் வந்து நிற்பவரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. "நான்கு வாரத்துக்கு இவ்வளவு" என்று சொன்னால் போதும். "மாதம்" என்றும் சொல்லாதீர்கள். ஐந்து வெள்ளிக்கிழமை வரும் மாதத்தில் அந்த ஐந்தாவது வாரத்துக்காக வாடிக்கையாளருடன் வாய்த்தகராறு வரும்.

மரியாதை விகுதியில் கவனம் தேவை. உடுப்பு எடுக்க வருபவரைச் சிரிப்புக்கான ஆளாகக் காட்டுவதும், ஒருமையில் அழைப்பதும், இந்தத் தொழிலுக்கு ஊரில் இருந்த பழைய பெயர்களைத் தொட்டுப் பேசுவதும் கூடவே கூடாது. எங்கள் எழுத்தில் அவர் ஆசிரியையை "டீச்சர்" என்கிறார், ஆசிரியை அவரைத் "தம்பி" என்கிறார். மட்டக்களப்பில் உண்மையாகவே அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: விநாடியைப் பிரித்து எழுதுதல்

தமிழ்ச் சொல் நீளம். ஆங்கில விளம்பரத்தின் சொற்கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் குரல் கொடுப்பவர் மூச்சுவிடாமல் ஓடுவார். வானொலிக்கு, குரல் மட்டும் என்றால் நான் நூறு சொல்லைத் தாண்டுவதில்லை. நடிப்பும் காட்சியும் உள்ள காணொளிக்கு அறுபது முதல் எழுபது சொல். கீழே உள்ளதில் பேசப்படுபவை ஏறத்தாழ அறுபது சொற்களே. வசனங்களை எழுத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். நடிப்பவர்கள் தங்கள் வாய்வழக்கில் சொல்லட்டும். அப்படிச் சொல்லும்போது ஒன்றிரண்டு விநாடி மிச்சமாகும், அதை மௌனத்துக்குக் கொடுங்கள். விலை நான் கணக்குக்காக வைத்தது. உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

*0–10 விநாடி.* மழைச் சத்தம். கமரா மிக அருகில்: வெள்ளைக் கொலர், அதன்மேல் அயன் பெட்டி, 'ஸ்ஸ்', ஆவி.
மகன்: "அப்பா, கொலர் இன்னும் ஈரம்!"
அப்பா: "கொஞ்சம் பொறு மகன்."
அம்மா (அறைக்குள்ளிருந்து): "என் சேலை முடிந்ததா?"

*10–18.* பேச்சு இல்லை. சுவர்க்கடிகாரம் 6.35. அப்பா பால்கனிக் கொடியிலிருந்து தன் சேர்ட்டை எடுக்கிறார், காய்ந்துவிட்டது, முகம் மலர்கிறது. மேல்மாடிக் கொடியிலிருந்து ஒரு நீர்த்துளி அதன்மேல் விழுகிறது. அப்பா மேலே பார்க்கிறார்.

*18–26.* திரையில்: வெள்ளி மாலை. மூன்றாம் மாடி வாசல். பையில் பெரிதாக வீட்டு இலக்கம்.
இளைஞர்: "டீச்சர், 15 உருப்படி. நீங்களும் ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்."
அம்மா: "சரி தம்பி, 15தான்."

*26–42.* துணிப்பட்டி கட்டும் விரல், உலர்த்தி, அயன் மேசை, மடித்த சேர்ட்டுகள்.
குரல்: "வெள்ளி மாலை உங்கள் மாடிக்கே வந்து எடுப்போம். ஒவ்வோர் உடுப்பிலும் உங்கள் வீட்டு இலக்கம் கட்டுவோம். துவைத்து, காயவைத்து, அயன் செய்து, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் கொண்டுவந்து தருவோம்."

*42–52.* அடுக்கிய உடுப்பின் மேல் சேலை. எண்கள் திரையில்.
குரல்: "வாரம் 15 உடுப்பு. நான்கு வாரத்துக்கு ஆறாயிரம் ரூபா. இப்போதைக்கு 14 வீடுகள் மட்டும்."

*52–60.* மீண்டும் திங்கள் காலை, அதே மழை. மகன் சீருடையில் சாப்பிடுகிறான். அப்பா கையில் தேநீர்.
அப்பா: "மழை பெய்தால் பெய்யட்டும்."
குரல்: "வாட்ஸ்அப்பில் 'உடுப்பு' என்று அனுப்புங்கள்." திரையில் இலக்கம்.

இரண்டாவது காட்சியில் எட்டு விநாடி எவரும் பேசுவதில்லை என்று உரிமையாளர் முகம் சுளித்தார். காசு கொடுத்த நிமிடம் வீணாகிறதாம். அந்தத் துளி விழும்போதுதான் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். மேல்மாடிக்காரரின் ஈர உடுப்பால் சண்டை வராத தொடர்மாடி எங்கே இருக்கிறது? அதை வெட்டியிருந்தால் மிஞ்சுவது ஓர் அறிவிப்பு.

தொலைபேசி இலக்கத்தைக் குரல் படிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்து இலக்கம் நிதானமாகப் படிக்க ஐந்தாறு விநாடி. இரண்டு தடவை படித்தால் நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காணொளியில் கடைசி எட்டு விநாடியும் அது திரையில் நிற்கட்டும். வானொலி என்றால் வேறு வழியில்லை, இரண்டு தடவை படித்தே ஆக வேண்டும். அப்போது நீர்த்துளிக் காட்சியை விட்டுவிடுங்கள், வானொலியில் அது எப்படியும் தெரியாது.

தொலைபேசியில் பலர் சத்தத்தை மூடிவிட்டுத்தான் பார்க்கிறார்கள். பேசும் ஒவ்வொரு வரியும் திரையில் எழுத்தாக வரவேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வெள்ளைச் சேர்ட்டின் மேல் வெள்ளை எழுத்தைப் போட்டு நாங்கள் ஒரு தடவை ஏமாந்தோம்.

ஆறாம் படி: படமெடுக்கும் முன் ஒரு சோதனை

எழுத்தைத் தொழிலோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஒரே ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு மூன்று கேள்வி: எப்போது எடுப்பார்கள், எப்போது தருவார்கள், துவைப்பார்களா அல்லது அயன் மட்டுமா? என் சித்தி முதல் இரண்டுக்கும் சரியாகச் சொன்னார். மூன்றாவதற்கு, "அயன்தானே செய்கிறார்கள்" என்றார். அப்போதைய எழுத்தில் "உடுப்பைத் தயார் செய்து தருவோம்" என்று பூசி மெழுகியிருந்தேன். அதன் பிறகுதான் "துவைத்து, காயவைத்து, அயன் செய்து" என்ற மூன்று சொல் வந்தது. மூன்று செயலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், அதற்கு ஒன்றரை விநாடி செலவானாலும் பரவாயில்லை.

விளம்பரத்தில் இடம் கிடைக்காதவற்றை வாட்ஸ்அப் பதிலுக்காக முன்கூட்டியே எழுதி வையுங்கள்: உள்ளாடை எடுப்பதில்லை, வீட்டில் ஆள் இல்லையென்றால் பையை யாரிடம் வைக்கலாம், பட்டுச் சேலைக்குத் தனி விலை, ஓர் உடுப்பு தொலைந்தால் கடை என்ன செய்யும். பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளில் பலர் வாசல்வரை ஆள் வருவதை விரும்புவதில்லை; கீழே காவலாளியிடம் பையை வைத்து, எண்ணிக்கையைப் படத்துடன் அனுப்பும் வழியையும் அந்தப் பதிலில் சேர்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: வந்த கேள்விகளை எழுதி வையுங்கள்

வெளியிட்ட முதல் வாரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விட்டுவிட்டு, தொடர்புகொண்டவர்கள் கேட்ட முதல் கேள்வியை ஒரு கொப்பியில் குறியுங்கள். பலரும் விலையையே கேட்டால் அது திரையில் போதிய நேரம் நிற்கவில்லை. "எங்கள் பகுதிக்கும் வருவீர்களா" என்றால் 'வெள்ளி மாலை' என்ற எழுத்தின் கீழே ஊர்களின் பெயரைப் போடவேண்டும். "வார நாளில் எடுக்க முடியாதா" என்று கேட்பவர்கள் நாம் விட்டுவந்த வங்கி உத்தியோகத்தரும் தாதியும்தான். அவர்களுக்கு இந்த விளம்பரத்தை நீட்டாதீர்கள். செவ்வாய் எடுத்து வியாழன் கொடுக்கும் இன்னொரு நிமிடத்தை எழுதுங்கள். அயன் மேசை அந்த நாட்களில் சும்மாதான் இருக்கிறது.

எங்கள் கொப்பியில் அதிகம் இருந்த கேள்வி நாங்கள் எதிர்பாராதது. "அந்த மேல்மாடிக்காரருக்கும் இதை அனுப்பலாமா?"